புதுப்பிப்பு: பழைய பயாஸ் எழுதியபின் எழாத குன்னூர் சர்வர்

என் கேள்வி: "தேயிலை ஆலை சர்வரில் புரோகிராமர் வைத்துப் பழைய பயாஸ் எழுதினேன். ஃபேன் சுற்றுகிறது, போஸ்ட் கோடு 00-ஐத் தாண்டவில்லை. ஃபைல் தயாரிப்பாளர் தந்ததுதான். ப்ராசசர் போய்விட்டதா?"

எல்லோருக்கும் நன்றி, சர்வர் ஓடுகிறது.

கோத்தகிரி அண்ணன் சொன்னதுதான் சரி. ப்ராசசர் போகவில்லை, அது ஒரு கட்டளையைக்கூட ஓட்டவே இல்லை. மின்சாரம் வந்ததும் போர்டில் உள்ள காவல் சிப் அதை ரீசெட்டில் பிடித்துவைக்கிறது. ஃப்ளாஷைத் தானே படித்து, ஹாஷ் போட்டு, தன்னுள் மாற்ற முடியாதபடி பதிந்த சாவியை ஆதாரமாக வைத்துக் கையொப்பத்தைச் சோதிக்கிறது. தேறினால்தான் ரீசெட்டை விடும்.

"கையொப்பம் கெட்டிருக்கும்" என்ற தம்பி பாதி சரி. கையொப்பம் செல்லுபடியானதுதான், பாதுகாப்புப் பதிப்பு எண்தான் மாட்டியது. என் ஃபைலில் 3, சிப்பில் 5. அந்த எண் ஏறும், இறங்காது. ஓட்டை அடைபடாத பழைய பதிப்பை யாரும் திரும்ப ஏற்றாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு.

எதிர்பாராதது: சோதனை இப்படித் தேறாவிட்டால், ஃப்ளாஷில் உள்ள மீட்புப் பிரதியிலிருந்து காவல் சிப் தானே சரிசெய்துகொள்ளும். நான் முழு ஃப்ளாஷையும் எழுதியதில் அந்தப் பிரதியும் 3 ஆகிவிட்டது. என் புத்திசாலித்தனம்!

எண் 5 உள்ள முழு இமேஜை எழுதினேன். சோதனை முடியும்வரை திரை கறுப்பாகவே இருந்தது, பிளக்கைப் பிடுங்கப் போய்விட்டேன். பொறுத்திருங்கள்.

கொடைக்கானல் அக்கா, உங்கள் லேப்டாப் இடி விழுந்த கேஸ், இதோடு சேராது.

எண்ணை 5-க்கு ஏற்றியது யார் என்பது இன்னும் தெரியவில்லை.