வைஃபை பாஸ்வேர்டை மாற்ற ரவுட்டருக்குள் எப்படிப் போவது? வீட்டில் யாருக்கும் லாகின் தெரியாது

வித்யா, கொளத்தூர்
வணக்கம். எங்க வீட்டு நெட் ஏரியா கேபிள்காரர் போட்டது. வந்த பையனே வைஃபை பேர், பாஸ்வேர்ட் எல்லாம் வச்சுக் கொடுத்துட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் வீட்டில் யாரும் எதையும் தொட்டதில்லை. மாடியில் குடியிருந்தவங்க காலி பண்ணி எதிர்வீட்டுக்குப் போயிட்டாங்க. அவங்க டிவி, போன் எல்லாம் இன்னும் எங்க வைஃபையில்தான் ஓடுது. சாயங்காலம் அப்பா வீடியோ காலில் பேசினா பாதியில் நின்னுடுது.

சுவரில் ரெண்டு பெட்டி இருக்கு. மெல்லிசான மஞ்சள் ஒயர் வர்ற வெள்ளைப் பெட்டி ஒண்ணு. அதிலிருந்து ஒரு கேபிள் ஆன்டெனா வச்ச டிபி-லிங்க் பெட்டிக்குப் போகுது. எதுக்குள்ள போகணும், எப்படிப் போகணும்?

கார்த்திக்
சிம்பிள் மேடம். எந்த ரவுட்டரா இருந்தாலும் பிரவுசரில் 192.168.1.1 போடுங்க. யூசர்நேம் admin, பாஸ்வேர்ட் admin. வரலைன்னா பின்னாடி ரீசெட் பட்டனை ஊசியால் அழுத்துங்க, எல்லாம் பழையபடி ஆயிடும்.

முருகேசன், பெரம்பூர்
ரீசெட்டை இப்போ தொடாதீங்கம்மா. உங்க இணைப்புக்கான யூசர் ஐடி அந்த டிபி-லிங்குக்குள்ள இருந்தா, அதுவும் சேர்ந்து அழிஞ்சிடும். கேபிள்காரர் வர்ற வரைக்கும் வீட்டில் நெட் இருக்காது.

முகவரி எல்லா ரவுட்டருக்கும் ஒண்ணு கிடையாது. அதை உங்க போனே சொல்லும். வைஃபையில் இணைஞ்சிருக்கும்போது, செட்டிங்ஸில் அந்த வைஃபை பேரைத் தொட்டு விவரம் பாருங்க. ஆண்ட்ராய்டில் Gateway, ஐபோனில் Router என்ற வரிக்கு நேரா ஒரு எண் இருக்கும். விண்டோஸ் லேப்டாப்பா இருந்தா கமாண்ட் பிராம்ப்டில் இதைப் போட்டு, Default Gateway வரியைப் பாருங்க:

```
ipconfig
```

அந்த எண்ணைப் பிரவுசரின் மேல் பட்டையில், முன்னாடி http:// சேர்த்து அடிங்க. கூகுள் தேடல் பெட்டியில் போட்டா கண்ட பக்கமும் வரும், அதில் எதிலும் பாஸ்வேர்ட் போட்டுடாதீங்க. போனில் பார்த்தா மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் அணைச்சுடுங்க. இல்லேன்னா போன் சிம் வழியா வெளியே போய்த் தேடும், பக்கம் சுத்திக்கிட்டே இருக்கும்.

ஷபானா
இதுக்கு ஏன் இவ்வளவு சுத்தணும்? என் போனில் வைஃபை பேரைத் தொட்டு ஷேர் கொடுத்தா க்யூஆர் கோடு வருது, அதுக்குக் கீழேயே பாஸ்வேர்ட் இருக்கே.

வித்யா, கொளத்தூர்
ஷபானா அக்கா, அந்த பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். அதை மாற்றத்தான் வழி தேடறேன்.

முருகேசன் சார், Gateway 192.168.0.1 னு காட்டுது. அதைப் போட்டா டிபி-லிங்க் பக்கம் வந்தது. யூசர்நேம் கேட்கலை, பாஸ்வேர்ட் மட்டும் ஒரே ஒரு கட்டத்தில் கேட்குது. வைஃபை பாஸ்வேர்ட், admin ரெண்டும் சேரலை. கார்த்திக் சொன்ன 192.168.1.1 போட்டுப் பார்த்தேன், அங்கேயும் ஒரு பக்கம் வருது! ஆனா வேற மாதிரி இருக்கு, யூசர்நேமும் கேட்குது.

முருகேசன், பெரம்பூர்
நல்ல தகவல் கொடுத்தீங்க.

முதல் பக்கம் உங்க ரவுட்டர். இந்த மாதிரி டிபி-லிங்கை யாரும் அமைக்காம விட்டிருந்தா, முதல் தடவை திறக்கும்போது புது பாஸ்வேர்டை நீங்களே வைக்கச் சொல்லி ரெண்டு கட்டம் காட்டும். ஒரு கட்டம் மட்டும் கேட்டா, ஏற்கெனவே யாரோ வச்சாச்சுன்னு அர்த்தம். அன்னிக்கு வந்த பையன்தான் வச்சிருப்பார். வைஃபை பாஸ்வேர்ட் வேற, இந்த லாகின் வேற. பல பேர் ரெண்டுக்கும் ஒண்ணையே வைப்பாங்க, உங்க வீட்டில் அப்படி இல்லை. முதல்ல அவருக்கே போன் போட்டுக் கேளுங்க. குருட்டாம்போக்கில் மாத்தி மாத்திப் போடாதீங்க, சில மாடல் கொஞ்ச நேரம் பூட்டிக்கும்.

ரெண்டாவது பக்கம் அந்த வெள்ளைப் பெட்டியாத்தான் இருக்கணும். அது வெறுமனே ஃபைபரை மாத்திக் கொடுக்குதா, இல்லை அதுவே நெட்டுக்கு லாகின் பண்ணி டிபி-லிங்குக்கு அனுப்புதான்னு தெரியணும். அதன் பக்கம் இங்கிருந்தே திறக்குதுன்னா ரெண்டாவதாத்தான் இருக்கும். ஆனா அதை மட்டும் நம்பி ரீசெட் பண்ணக் கூடாது.

சோதிக்க வழி இருக்கு. டிபி-லிங்கின் பின்னாடி WAN ஓட்டையில் இருக்கிற கேபிளை உருவி நேரா லேப்டாப்பில் செருகுங்க. லேப்டாப்பில் வைஃபையை அணைச்சுடுங்க. எதையும் டைப் பண்ணாமலே இணையதளம் திறந்தா, யூசர் ஐடி வெள்ளைப் பெட்டியில் இருக்கு. அப்போ டிபி-லிங்கை ரீசெட் பண்ணலாம். திறக்கலைன்னா நிறுத்திடுங்க. யூசர் ஐடி டிபி-லிங்கில் இருக்கலாம். பதிவு பண்ணின கருவிக்கு மட்டும் நெட் கொடுக்கிற ஆபரேட்டரும் உண்டு. ரெண்டில் எதுன்னு கேபிள்காரர்தான் சொல்லணும்.

பிரவீன், துரைப்பாக்கம்
நான் பிஜியில் இருக்கேன். எனக்கு Gateway 10 ல ஆரம்பிக்கிற எண் காட்டுது. நானும் இதே மாதிரி உள்ளே போய் என் போனுக்கு ஸ்பீடு கூட்டிக்கலாமா?

முருகேசன், பெரம்பூர்
தம்பி, அது பிஜிக்காரங்க ரவுட்டர். அவங்க அனுமதி இல்லாம அதில் கை வைக்காதீங்க, ஓனரிடம் பேசுங்க.

சுதா
எங்க வீட்டில் ஜியோ ஃபைபர், ஒரே பெட்டி. அதுக்கு 192.168.29.1. அதனாலதான் கார்த்திக் சொன்ன எண் எனக்கு என்னிக்கும் திறந்ததே இல்லை போல.

வித்யா, கொளத்தூர்
போட வந்த பையன் இப்போ அந்தக் கேபிள்காரரிடம் இல்லையாம், பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியலை. லேப்டாப்பில் நேரா செருகினேன். எதுவும் கேட்காமலே நெட் வந்தது.

முருகேசன், பெரம்பூர்
அப்போ ரீசெட் பண்ணுங்க, டிபி-லிங்கை மட்டும். வெள்ளைப் பெட்டியிலும் அதே மாதிரி ஓட்டை இருக்கும், அதைத் தொட்டா கதை கெட்டுடும். கேபிளைத் திரும்ப WAN இல் செருகி, பவர் ஆனில் இருக்கும்போதே ஊசியால் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடிங்க. எல்லா விளக்கும் ஒண்ணா மின்னி அணையும்போது விடுங்க. ஓட்டை இல்லாம WPS/RESET னு ஒரே பட்டன் இருக்கிற பழைய மாடலிலும் அதே நீண்ட அழுத்தல்தான். சும்மா தட்டி விட்டா அது WPS வேலையைத்தான் செய்யும்.

எழுந்ததும் வைஃபை பேரும் பாஸ்வேர்டும் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உள்ளபடி ஆயிடும். அதில் இணைஞ்சு மறுபடி 192.168.0.1 திறங்க. இப்போ ரெண்டு கட்டம் வரும். இணைப்பு வகை கேட்டா Dynamic IP. வைஃபைக்குப் பழைய பேரை வைக்காதீங்க, புதுப் பேர் வைங்க. காரணம் அப்புறம் சொல்றேன். லாகின் பாஸ்வேர்டை எழுதிப் பெட்டியின் அடியிலேயே ஒட்டி வச்சுடுங்க.

கார்த்திக்
ஒட்டி வச்சா வர்றவங்க எல்லாம் பார்ப்பாங்களே? போனில் சேமிச்சாப் போதாதா?

முருகேசன், பெரம்பூர்
கூடத்தில் எல்லார் கண்ணிலும் படற மாதிரி இருந்தா நீங்க சொல்றது சரி. சுவரில் உயரத்தில் இருக்கிற பெட்டிக்கு எனக்குக் காகிதம்தான் பிடிக்கும். போன் மாறும், பெட்டி அங்கேயேதான் இருக்கும்.

வித்யா, கொளத்தூர்
ரெண்டு கட்டம் வந்தது! புதுப் பேர், புது பாஸ்வேர்ட் வச்சாச்சு, நெட் ஓடுது. ஆனா பழைய வைஃபை பேர் இன்னும் பட்டியலில் தெரியுது, சிக்னல் மட்டும் குறைச்சல். பழைய பாஸ்வேர்டும் வேலை செய்யுது. எப்படி?

முருகேசன், பெரம்பூர்
அதுக்குத்தான் பேரை மாத்தச் சொன்னேன். பழையதில் இணைஞ்சு Gateway பாருங்க.

வித்யா, கொளத்தூர்
192.168.1.1 காட்டுது சார்.

முருகேசன், பெரம்பூர்
வெள்ளைப் பெட்டியும் தன் பங்குக்கு வைஃபை விட்டுக்கிட்டு இருக்கு. பையன் ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சிருக்கார். எதிர்வீட்டுக்காரங்க அதில் தொத்திக்கலாம். அந்தப் பெட்டியின் ஸ்டிக்கரில் யூசர்நேம், பாஸ்வேர்ட் இருந்தா ஒரு தடவை போட்டுப் பாருங்க. திறந்தா வைஃபையை மட்டும் அணைங்க, வேற எதையும் மாத்தாதீங்க.

வித்யா, கொளத்தூர்
ஸ்டிக்கரில் இருந்ததைப் போட்டேன், ஏத்துக்கலை. கேபிள்காரரிடம் கேட்டதுக்கு, லாகின் தர மாட்டாங்களாம், ஆபீஸிலிருந்தே அணைச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கார். இன்னும் பழைய பேர் தெரியுது. நாளைக்கு மறுபடி போன் பண்றேன்.

சுதா
காசு கட்டறது நாம, நம்ம வீட்டுப் பெட்டிக்கு லாகின் ஏன் தர மாட்டாங்க?

முருகேசன், பெரம்பூர்
பெட்டி பெரும்பாலும் அவங்களுது, உள்ளே ஒண்ணு மாறினா லைனே போயிடும்னு சொல்வாங்க. அதில் நியாயமும் இருக்கு. ஆனா வைஃபையை அணைக்கிற அளவுக்காவது நம்ம கையில் கொடுக்கலாம்.