படகுக்கும் வீட்டுக்கும் வைத்த பெயர்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அணியத்தான்
தூத்துக்குடிப் பக்கம். ஏப்ரல் 15 மீன்பிடித் தடை தொடங்கியதும் அண்ணன் பழைய விசைப்படகு ஒன்றை வாங்கினார். முன்பக்க அணியத்தில் இரண்டு பக்கமும் விற்றவருடைய மகள் பெயர். கரையேற்றிப் பெயின்ட் வேலை நடக்கும்போது அவரே வந்து நின்றார். "அண்ணாச்சி, எழுத்தை எடுத்துட்டுக் கடல்ல இறக்குங்க. பிள்ளைக்குக் கல்யாணம் பேசியிருக்கு" என்றார். அண்ணிக்கு மனமில்லை. நல்ல மீன்பாடு பார்த்த பெயர், அதை ஏன் மாற்ற வேண்டும் என்றார். கடைசியில் வெள்ளை அடித்து அதன் மேல் மாதா பெயரை எழுதினோம். சாயங்கால வெயில் சாய்ந்து விழுந்ததும் பழைய எழுத்து மேடு மேடாகத் தெரிந்தது. விற்றவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இன்னும் இருக்கே" என்றார். எங்கே போனாலும் அந்தக் குரல்தான் காதில். விற்ற பிறகு பெயர் யாருடையது?

பழைய டிரைவர்
எங்கள் அப்பாவின் வள்ளத்துக்கு அந்தோணியார் பெயர். அவ்வளவுதான் என் கதை. ஆனால் உங்கள் பெயின்டரைச் சும்மா விடக்கூடாது. வருடா வருடம் எழுத்தின் மேலேயே எழுத்து எழுதினால் அந்த இடம் மட்டும் தடித்துப்போகும். வெள்ளை அடித்து மறைக்க முடியாது. மரப்படகு என்றால் சுரண்டியில் பழைய பெயின்ட்டை மரம் தெரியும்வரை எடுக்க வேண்டும். அப்புறம் உப்புத்தாள். கண்ணை நம்பாதீர்கள், கண்ணை மூடி விரலை ஓட்டினால் விளிம்பு தட்டக்கூடாது. பள்ளம் இருந்தால் பட்டி, அது காய்ந்ததும் பிரைமர், அதற்குப் பிறகுதான் கலர். ஃபைபர் என்றால் இப்படிச் சுரண்டக்கூடாது, மேல்பூச்சு போய்விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். மற்றபடி பெயருக்கு எந்தப் பேப்பரும் வேண்டாம். பரிசோதனையில் ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் நம்பரைத்தான் பார்ப்பார்கள்.

கணக்கப்பிள்ளை
நம்பர் பற்றிச் சொன்னது சரி, பேப்பர் வேண்டாம் என்பது தவறு. பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டிலும் படகின் பெயர் இருக்கும். மரத்தில் ஒரு பெயர், பேப்பரில் ஒரு பெயர் என்று இருந்தால் இழப்பீடு கேட்கும்போது அலைய வேண்டியிருக்கும். உரிமை மாற்றத்துக்கு மீன்வளத்துறையில் எழுதிக் கொடுக்கும்போதே பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

விளவங்கோடு மக்கா
எனக்குப் படகு இல்லை, வீடுதான். எங்கள் குமரிப் பக்கம் கட்டுவதற்கு முன்பே வீட்டுக்குப் பெயர் உண்டு, இடத்தின் பெயர். இன்ன விளை வீடு என்றால்தான் ஊருக்குத் தெரியும். அண்ணன் வளைகுடாவில் சம்பாதித்துக் கட்டி, வாசலில் கருங்கல்லில் "அம்மா இல்லம்" என்று பொறித்தான். அம்மா சின்ன வயதிலிருந்து அடுத்தவர் ஓலைப்புரையில் இருந்தவள். வீடு மந்திரிப்பு முடிந்த வாரம் தபால்காரர் வந்து, அந்தக் கல்லுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "பிலாவிளை வீடு இதுதானே?" என்று கேட்டார். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும். அம்மாவோ உள்ளிருந்து "ஆமா, இதுதான்" என்றாள். ஆதாரில் இன்றும் பிலாவிளைதான்.

வடமராட்சிப் பேரன்
பெயர் விற்றவரோடு போகும் என்பதற்கு எங்கள் ஊரில் பெரிய சாட்சி இருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி. அரிசியும் சரக்கும் ஏற்றிப் பிழைத்த கரையில் சோறு போடும் தாயின் பெயர் வைத்ததற்கு விளக்கம் வேண்டுமா? ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, தன் மனைவி பெயரை வைத்து "புளோரன்ஸ் சி. ராபின்சன்" ஆக்கினார். எங்கள் ஊர் மாலுமிகளே ஓட்டிக்கொண்டு போய் 1938-இல் மாசச்சூசெட்ஸின் குளோஸ்டரில் சேர்த்தார்கள். அவரும் தன் வீட்டுப் பெண் பெயரைத்தானே வைத்தார்! சிறு வயதில் அந்த அமெரிக்கப் பெயரை அம்மம்மாவிடம் சொன்னபோது, "அது ஆருடைய கப்பல்?" என்று கேட்டா. அவவுக்கு அது கடைசிவரை அன்னபூரணிதான்.

பழைய டிரைவர்
அப்படியென்றால் உங்கள் சாட்சி எதிர்க்கட்சிக்குப் போய்விட்டதே. வாங்கியவர் மாற்றினார், ஊர் மாற்றவில்லை. எங்கள் துறையிலும் அதே கதைதான். ஒரே புனிதர் பெயரில் பல படகு நிற்கும், ஏலத்தில் கூப்பிடுவது முதலாளியின் பட்டப்பெயரை வைத்து.

சங்குமணி
எல்லோரும் ஆண்கள் போலிருக்கிறது, ஒன்றைக் கவனிக்கவில்லை. படகில் ஏன் மகள் பெயர்? எங்கள் வீட்டுப் படகில் என் பெயர் இருந்தது. பாடு நன்றாக இருந்தால் "பிள்ளை ராசி" என்பார்கள். வலை கிழிந்து வந்த நாளில் என்னை வாசலில் நிற்கவிட மாட்டார்கள். அந்தப் படகை விற்றுத்தான் எனக்கு நகை போட்டார்கள். விற்றவர் கேட்டது பெயருக்காக மட்டும் இல்லை. நாளைக்கு உங்கள் படகுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பெண்ணைச் சொல்வார்கள் என்றுதான்.

அணியத்தான்
அக்கா, அண்ணி இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவரிடம் கேட்டால், கல்யாணத்துக்குப் பணம் கொடுத்ததே அந்தப் பெயர்தானே என்கிறார்.