டாப் டென் எழுதச் சொன்னார்கள், எதை வைத்து என்று சொல்லவில்லை

வியாசர்பாடியிலிருந்து:
எங்கள் கேரம் கிளப் ஆண்டு விழா பேனருக்கு "டாப் டென் ஆட்டக்காரர்கள் லிஸ்ட் எழுதிக் கொடுப்பா" என்று செயலாளர் கேட்டார். மூன்று வருட ஸ்கோர் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். முதல் இடத்திலேயே பேனா நின்றுவிட்டது.

மீன் வியாபாரம் பார்க்கும் அண்ணன் ஒருவர் 40 மேட்ச் ஆடி 28 ஜெயித்திருக்கிறார். காலேஜ் பையன் ஒருவன் 10 ஆடி 9 ஜெயித்திருக்கிறான். எண்ணிக்கையில் அண்ணன், சதவீதத்தில் பையன் 90, அண்ணன் 70. நோட்டைத் திரும்பப் புரட்டினேன். பையன் ஜெயித்த 9 பேரில் 7 பேர் புதிதாகச் சேர்ந்தவர்கள். அண்ணன் தோற்ற 12-இல் 8 செமி ஃபைனலும் ஃபைனலும். அதனால் 20 மேட்சாவது ஆடியிருக்க வேண்டும் என்று நானே ஒரு கோடு போட்டேன். மறுநாள் பையன் வந்து, "அண்ணே, பத்துக்குள்ளயும் நான் இல்லையா?" என்றான். இன்னும் மனசு கேட்கவில்லை.

ராயபுரம், பழைய அம்பயர்:
கோடு சரிதான் தம்பி, ஆனால் அதை பேனரிலேயே எழுத வேண்டும். பெரிய ஆட்டத்திலும் இதே சிக்கல்தான். மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன். நம்ம காசிமா 2024-இல் அமெரிக்காவில் ஒரே போட்டியில் ஒற்றையர், இரட்டையர், அணி என்று மூன்று தங்கம் வாங்கினார். தங்கத்தை எண்ணினால் ஒரு வரிசை, ஒற்றையர் பட்டத்தை மட்டும் எண்ணினால் வேறு வரிசை. ஆண்கள் பிரிவும் பெண்கள் பிரிவும் தனித்தனி. அதனால் நான் எழுதினால் தலைப்பே "ஒற்றையர் பட்டங்களின்படி" என்றுதான் இருக்கும், இரண்டு பட்டியலாக.

காசிமேடு:
எதுக்கு இவ்வளவு கணக்கு? முதல் முறையிலேயே வெள்ளைக் காய் எல்லாத்தையும் ராணியையும் விடாமல் போட்டு முடிக்கிற வைட் ஸ்லாம் யார் அதிகம் அடித்தார்களோ அவர்தான் முதல். கைத்திறமை அதில்தானே தெரியும்?

அம்பயர்:
கைத்திறமை தெரியும், மறுக்கவில்லை. ஆனால் பிரேக், அதாவது முதல் அடி, கிடைத்தவர்தான் வைட் ஸ்லாம் அடிக்க முடியும். எதிராளிக்கு அந்த போர்டில் ஒரு அடிகூட கிடைக்காது, அதனால் நெருக்கடியில் எப்படி ஆடுவார் என்பது அதில் தெரியாது. எத்தனை பிரேக்கில் எத்தனை ஸ்லாம் என்று பார்த்தால் ஒத்துக்கொள்வேன். தம்பி, நோட்டில் அது இருக்கிறதா?

வியாசர்பாடியிலிருந்து:
இல்லை ஐயா, கடைசி ஸ்கோர் மட்டும்தான்.

தண்டையார்பேட்டை அம்மா:
டாப் டென் கேரம் போர்டும் சொல்லுங்களேன், என் பொண்ணுக்கு வாங்கணும்.

அம்பயர்:
வீட்டில் விளையாடவா, டோர்னமென்ட் ஆடவாம்மா? டோர்னமென்ட்டுக்கு என்றால் ஆடும் பரப்பு 29 அங்குலம் இருக்கணும். சின்ன போர்டில் பழகின கைக்குப் பெரிய போர்டில் தூரக் காய் குறி தவறும்.

தண்டையார்பேட்டை அம்மா:
அதை அவளிடமே கேட்டுட்டு வரேன்.

வியாசர்பாடியிலிருந்து:
நானும் செயலாளரிடம் திரும்பக் கேட்டேன். "நல்லா ஆடுறவங்கப்பா" என்கிறார். பேனர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். 20 மேட்ச் கோட்டோடு பத்துப் பேர், அதற்குக் கீழே "குறைந்த ஆட்டம், அதிக வெற்றி" என்று பையனுக்குத் தனி வரி. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.