கொலோசெயர் 3:23-ஐ அலுவலகம் போகிறவர்களுக்குப் பிரசங்கிப்பது: எது எடுபட்டது, எது சறுக்கியது?

ஜெபா: வேலையும் அழைப்பும் பற்றி 25 நிமிடப் பிரசங்கம், ஞாயிறு மாலை. கேட்கிறவர்களில் பாதிப்பேர் தினமும் போக வர இரண்டரை மணி நேரம் ரயிலிலும் பஸ்ஸிலும் நிற்கிறவர்கள். வசனம் கொலோசெயர் 3:23: எதைச் செய்தாலும் மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்பது. இந்த வசனத்தைப் பிரசங்கித்தவர்களும் கேட்டவர்களும் சொல்லுங்களேன்.

எஸ்தர்: பிரதர், 23-இல் தொடங்காதீர்கள், 22-இல் தொடங்குங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் "வேலைக்காரரே" என்று இருப்பதால், மாதச் சம்பளம் வாங்குகிறவரைத்தான் பவுல் கூப்பிடுகிறார் என்று சபை நினைத்துக்கொள்ளும். கிரேக்கத்தில் அந்தச் சொல் அடிமைகளைக் குறிக்கிறது. ராஜினாமாக் கடிதம் கொடுக்க முடியாதவர்கள் அவர்கள். இதைச் சொல்லாமல் 23-க்குப் போனால், பிரசங்கம் மேலாளரின் குரலில் ஒலிக்கும்: இன்னும் கொஞ்சம் உழை, அது கர்த்தருக்கு.

24-இல் இன்னொரு இடறல். அங்கே வரும் "சுதந்தரம்" என்றால் வாரிசு உரிமை. இளைஞர்கள் அதை விடுதலை என்று கேட்பார்கள். அடிமைக்குச் சொத்தில் பங்கே கிடையாது. அவனைப் பார்த்து "உனக்கு வாரிசுப் பங்கு உண்டு" என்கிறார் பவுல். வசனத்தின் பலமே அதில்தான் இருக்கிறது, அவசரப்படாமல் ஐந்து நிமிடம் கொடுங்கள். அதிகாரம் அங்கே முடிவதால் பலர் 3:25-இல் நிறுத்திவிடுகிறார்கள். எஜமான்களுக்குச் சொன்ன 4:1-ஐயும் அதே மூச்சில் வாசித்துவிடுங்கள். வந்திருக்கிறவர்களில் குழுத் தலைவர்களும் இருப்பார்கள் அல்லவா?

பிரின்ஸ்: லூத்தர் உலக வேலையையே 'பெரூஃப்', அதாவது அழைப்பு என்றார். 1 கொரிந்தியர் 7:20-உம் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கச் சொல்கிறது. ஆகவே வேலை மாறாமல் இருப்பதுதான் விசுவாசம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

எஸ்தர்: லூத்தர் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 7:20-இல் அழைப்பு என்பது உத்தியோகம் அல்ல, கிறிஸ்துவிடம் வந்தது. அந்த அழைப்பு வந்தபோது ஒருவர் எந்த நிலையில் இருந்தார் என்பதுதான் அங்கே பேச்சு. அடுத்த வசனத்திலேயே விடுதலையாகும் வாய்ப்பு பற்றிப் பேசுகிறார். "அதைப் பயன்படுத்திக்கொள்" என்ற இடத்தில் எதை என்று கிரேக்கத்தில் இல்லை. விடுதலையையா, அடிமை நிலையையா என்று அறிஞர்கள் இன்றும் பிரிந்தே நிற்கிறார்கள். அவ்வளவு மெல்லிய கிளையில் ஒருவருடைய ராஜினாமாவைத் தொங்கவிடாதீர்கள்.

ரூபன்: ரயிலில் கேட்கிற மாதிரி பிரசங்கம் 15 நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது. நான் போகிற வழியில் சிக்னல் அடிக்கடி போய்விடுகிறது.

ஜெபா: இது நேரில் பேசுவது, ரூபன். ஒலிப்பதிவு தனியாக வரும்.

சாலமோன்: தம்பி, உதாரணத்தில்தான் இந்தப் பிரசங்கம் விழும். மருத்துவர், ஆசிரியர் என்று எடுத்தால் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு அது பொருந்தாது. முந்தின வாரமே மூன்று பேரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "உங்கள் மேஜையை விட்டுப் போன வேலை அடுத்து யார் கைக்குப் போகிறது?"

பில் சரிபார்க்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். வங்கிக் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருக்கிறது. அவர் கவனிக்காவிட்டால் பணம் திரும்பி வரும், சரக்கு கொடுத்த சிறு வியாபாரி அடுத்த சுற்றுவரை காத்திருப்பார், அவரிடம் வேலை செய்கிற பையனுக்குக் கூலி தள்ளிப்போகும். அந்தப் பையனை இவர் பார்த்ததே இல்லை. "கர்த்தருக்கென்றே" என்பதை அந்த ஒரு இலக்கத்தில் காட்டுங்கள். நான்கு நிமிடம் போதும்.

பயணத்தைப் பற்றி ஒன்று. இரண்டரை மணி நேரம் ஐந்து நாளைக்குப் பன்னிரண்டரை மணி. "அதை ஜெப நேரமாக்குங்கள்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். கம்பியைப் பிடித்து நிற்கிறவருக்கு அது இன்னொரு வேலை. சங்கீதம் 127:2 வாசியுங்கள்: கர்த்தர் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குவதற்கும் அனுமதி கொடுங்கள். எழுதி முடித்ததும் "வேண்டும்" எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் மூன்றைத் தாண்டினால், களைத்தவர்கள் இன்னும் களைத்துத்தான் வீடு திரும்புவார்கள்.

லீனா: ஐயா, அடுத்த கை என்று ஒன்று இல்லாத வேலையும் இருக்கிறதே. யாரும் திறக்காத அறிக்கை. இல்லையென்றால், கட்ட முடியாதவரைக் கடனுக்காகத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் வேலை. அவர்களுக்கு 3:23 எப்படி?

சாலமோன்: அதை 25 நிமிடத்தில் தொடக் கூடாது அம்மா. கூட்டம் முடிந்து தனியாகப் பேச வேண்டியது.

எஸ்தர்: எனக்கு அதில் சம்மதமில்லை, ஐயா. தனியாக வந்து பேசத் துணிவில்லாதவர்தான் முதலில் எழுந்து போவார். தவறான வேலையை மனப்பூர்வமாகச் செய் என்று இந்த வசனம் சொல்லவில்லை என்று ஒரு வரியாவது மேடையிலிருந்தே வரட்டும்.

ஜெபா: 3:22 முதல் 4:1 வரை வாசிக்கிறேன். பில் உதாரணம் நடுவில். எஸ்தர் சிஸ்டர் சொன்ன வரியை அதற்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.