மைக் கையில், பாட்டு வரவில்லை: ஆண்டு விழாத் தொகுப்பாளர்களின் அனுபவங்கள்

மூன்றாம் வகுப்பு டீச்சர்

போன ஆண்டு விழாவில் முதல் முறையாகத் தொகுத்து வழங்கினேன். திறந்த மைதானம், பந்தல் மேடை. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆண்டறிக்கை எல்லாம் ஒழுங்காகப் போயின. அப்புறம் கலை நிகழ்ச்சி. "அடுத்து, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் கும்மி!" என்று குரலை ஏற்றிச் சொன்னேன். திரை விலகியது. பதினாறு குழந்தைகள் கையை உயர்த்தி வட்டமாக நிற்கிறார்கள். பாட்டு வரவில்லை.

"சிறு தொழில்நுட்பக் கோளாறு, பொறுத்தருள்க" என்றேன். அதையே மூன்று முறை சொன்னேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. முன்னால் நின்ற ஒரு பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது. பின்வரிசைப் பெற்றோர்கள் டீக்கடைக்கு எழுந்து போனார்கள். வீடியோவில் பார்த்தால் மொத்தம் ஆறு நிமிடம். எனக்கு ஒரு மணி நேரம் போல இருந்தது. அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

பழைய சுண்ணக்கட்டி

டீச்சர், தவறு அந்த ஆறு நிமிடத்தில் நடக்கவில்லை, அதற்கு முந்தின நொடியில் நடந்தது. பாட்டு தயாரா என்று தெரியாமலே நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். பெயரைச் சொன்ன பிறகு கூட்டம் காத்திருக்காது.

பணியில் இருந்த காலம் முழுக்க நானும் இதைச் செய்து கெட்டவன்தான். பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மேடை ஓரத்தில் ஒரு மாணவன், சவுண்ட் மேஜை அருகே ஒரு மாணவன். இருவரும் கையைத் தூக்கினால்தான் நான் பெயரைச் சொல்வேன்.

அதற்கு ஏற்றபடி அறிமுகத்தை இரண்டாக எழுதுவேன். முதல் பாதி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். "நம் ஊரில் அறுவடை முடிந்து பெண்கள் கூடினால் என்ன செய்வார்கள்? வாத்தியம் வேண்டாம், மேளம் வேண்டாம், இரண்டு கை போதும். எங்கே, உங்கள் கைகளைத் தட்டிப் பாருங்கள்..." இதை இருபது நொடியில் முடிக்கலாம், இரண்டு நிமிடமும் ஓட்டலாம். கும்மி என்ற சொல்லே அதில் வராது. அந்த இரு மாணவர்களின் கையும் உயர்ந்ததும் இரண்டாம் பாதி, ஒரே வரி: "இதோ, மூன்றாம் வகுப்பின் கும்மி!" சொல்லிவிட்டு உடனே ஓரமாக நகர்ந்துவிட வேண்டும்.

அப்படியும் பாட்டு வராவிட்டால் மனதுக்குள் இருபது எண்ணுவேன். அதற்குள் வரவில்லை என்றால் திரையை மூடச் சொல்லிவிட்டுப் பரிசளிப்புக்குப் போய்விடுவேன். விளையாட்டுப் பரிசுகளை ஒரே மூச்சில் கொடுத்து முடிக்காமல், ஒரு வகுப்பின் பரிசுகளைத் தனித்தட்டில் ஒதுக்கி வைத்திருப்பேன். பெயர் கூப்பிட்டு, பிள்ளை ஏறி வந்து, புகைப்படம் எடுத்து இறங்க ஆளுக்கு இருபது இருபத்தைந்து நொடி. பத்துப் பிள்ளை என்றால் நாலு நிமிடம் போய்விடும். எந்தப் பெற்றோரும் டீக்கடைக்குப் போக மாட்டார். ஆனால் சிறப்பு விருந்தினர் கிளம்பிவிட்டால் இந்த வழி பாதிப் பலம்தான். தலைமை ஆசிரியர் கையால் கொடுக்கலாம், அப்போது கைதட்டல் குறையும்.

மேடைப்பூனை

நான் கல்லூரியில் ஆங்கரிங் செய்கிறேன். இவ்வளவு திட்டமெல்லாம் தேவையே இல்லை டீச்சர். நாலு விடுகதை, ரெண்டு ஜோக் கையில் இருந்தால் போதும். போன மாதம் ஒரு பள்ளியில் கரண்ட் பிரச்சினை வந்தபோது "ஓடையில் ஓடாத நீர், ஒருவரும் குடிக்காத நீர், அது என்ன?" என்று கேட்டேன். கூட்டமே கத்தியது. நடுநடுவே "கைதட்டல் பத்தலையே" என்றால் போதும், எனர்ஜி இறங்காது.

பழைய சுண்ணக்கட்டி

விடுகதை நல்லதுதான் தம்பி. முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் எடுபடும். நாற்காலியில் இருக்கும் பெரியவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். இன்னொன்று, விடுகதையின் நடுவில் "ரெடி" என்று கை தூக்கினால் விடை சொல்லாமல் விடவும் முடியாது. "கைதட்டல் பத்தலையே" முதல் தடவை பலிக்கும், மூன்றாம் தடவை எரிச்சல் வரும். அப்புறம், நீங்கள் கேட்டதற்கு விடை கண்ணீர். டீச்சர் மேடையில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்ததே, அங்கே அதைக் கேட்டிருந்தால்?

ரெண்டு பிள்ளைகளின் அப்பா

நேரம் நிரப்புவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் பள்ளியில் நேரம் நிரம்பி வழிகிறது. விருந்தினரின் பட்டங்கள், வாங்கிய விருதுகள், சங்கப் பொறுப்புகள் என்று அறிமுகம் மட்டும் எட்டு நிமிடம். மேடையில் இருந்த எல்லோருக்கும் சால்வை. என் மகள் நடனம் கடைசிக்கு முந்தினது. பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்று பாதிப் பாட்டோடு முடித்துவிட்டார்கள். தைக்கக் கொடுத்த உடைக்கு 900 ரூபாய். யாரிடம் கேட்பது?

சவுண்ட் சர்வீஸ்

டீச்சர், பாட்டை எதில் கொண்டு வந்தீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே. முக்கால்வாசி இடத்தில் கோளாறு அங்கேதான். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே பென்டிரைவில் போட்டால் எங்கள் பழைய ஆம்ப்ளிஃபயர் பல நேரம் படிக்காது. mp3 ஆக மாற்ற வேண்டும். பென்டிரைவை FAT32 முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும். "புதுப் பாட்டு", "புதுப் பாட்டு 2" என்று பெயர் வைக்காமல் 01, 02 என்று நிகழ்ச்சி வரிசையில் வையுங்கள். வரிசைப்படியே காப்பி பண்ணுங்கள், ஏனென்றால் சில பெட்டிகள் பெயரைப் பார்க்காது, காப்பி ஆன வரிசையில்தான் ஓடும். போனிலிருந்து பாட்டுப் போட்டால் ஏரோப்ளேன் மோடு. ஒரு பரதத்தின் நடுவே யாரோ மாமியாரின் அழைப்பு ஸ்பீக்கரில் அடித்த கதை என்னிடம் இருக்கிறது.

காலையிலேயே வந்து, எங்கள் பெட்டியிலேயே ஒவ்வொரு பாட்டையும் பத்து நொடி ஓட்டிப் பாருங்கள். வீட்டு லேப்டாப்பில் ஓடியது கணக்கில் வராது.

இன்னொரு வேண்டுகோள். மைக்கிலேயே "சவுண்ட், என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். ஆயிரம் பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தால் வரவேண்டிய பாட்டும் வராது.

சலங்கை

சுண்ணக்கட்டி ஐயா சொன்னதில் ஒன்றை ஏற்க மாட்டேன். திரையை மூடிவிட்டால் சின்னப் பிள்ளைகள் கலைந்துவிடும். பதினாறு பேரை மறுபடி வட்டத்தில் நிறுத்தவே மூன்று நிமிடம் ஆகும். ஒருத்திக்கு ஊக்கு கழன்றிருக்கும், ஒருவன் பாத்ரூம் என்பான். நின்ற இடத்திலேயே உட்கார வைத்து, தொகுப்பாளர் போய் நாலு பேரிடம் பெயர் கேட்டாலே போதும். கூட்டமும் சிரிக்கும், பிள்ளைக்கும் பயம் போகும்.

பழைய சுண்ணக்கட்டி

அழும் பிள்ளையிடம் மைக்கை நீட்டினால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன் அம்மா. எனக்கு இன்னும் திரைதான் பத்திரமாகப் படுகிறது. சரி, பெரிய வகுப்பென்றால் நீங்கள் சொல்வது நடக்கலாம்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்

சவுண்ட் அண்ணா, நீங்கள் சொன்னது சரி. வாட்ஸ்அப்பில் வந்த பாட்டுத்தான். காலையில் ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மறுநாள் வகுப்பில், அழுத அதே பிள்ளை வந்து, "மிஸ், எங்களுக்குத்தான் அந்தப் பாட்டு மனப்பாடமாச்சே, நாங்களே பாடியிருப்போமே" என்றாள். வாத்தியம் வேண்டாத ஆட்டத்தை வைத்துக்கொண்டு நான் பென்டிரைவுக்காக நின்றிருக்கிறேன். இந்த ஆண்டும் கும்மி உண்டு, பாட்டைப் பிள்ளைகளே பாடப் போகிறார்கள்.

சவுண்ட் சர்வீஸ்

அப்படியென்றால் குட்டை ஸ்டாண்டில் இரண்டு மைக் வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள். பெரிய ஸ்டாண்டு பிள்ளைகள் தலைக்கு மேல்தான் நிற்கும். வட்டத்துக்கு நடுவே ஒயர் போகக் கூடாது, தடுக்கி விழுவார்கள்.