பட்டியலான முதல் நாள்: ஸ்டாப் எங்கே வைத்தீர்கள்? (அனுபவப் பகிர்வு)

ஓரமாநிக்கிறேன்

வெளியீட்டு விலை 100. எனக்கு அலாட்மென்ட் விழவில்லை, ஓப்பன் ஆனதும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். தொடக்க ஏலத்தில் உத்தேச விலை ரொம்ப நேரம் 142 காட்டியது. முடியப்போகிற நேரத்தில் சரசரவென இறங்கி 136-ல் ஓப்பன். 138-ல் 1000 பங்கு வாங்கி 132-ல் ஸ்டாப் போட்டேன். ஏன் 132 என்று கேட்காதீர்கள். சார்ட்டில் வேறு என்ன இருந்தது? பழைய லோ கிடையாது, மூவிங் ஆவரேஜ் கிடையாது, ஏடிஆர் கணக்குப் போட நாட்களே கிடையாது.

மறக்க முடியாதது டெப்த் விண்டோதான். 132.50-ல் வாங்க 600 பங்கு. அடுத்தது 131-ல் 250. அதற்குக் கீழே நேராக 129. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த 600 காணாமல் போனது, என் பங்கு சராசரியாக 129.20-க்கு விற்றுவிட்டது. விலை 124 வரை போய்விட்டு, மதியம் 151. கோடிக்கணக்கில் விண்ணப்பம் குவிந்த பங்கில் ஆயிரம் பங்கு வாங்க ஆளில்லையா?

பழைய பெஞ்ச்

நீங்கள் சொல்வது நான் நினைக்கிற பங்குதான் என்றால் அன்று நானும் அதில் இருந்தேன்.

அந்த 136 சராசரி விலை இல்லை. எந்த விலையில் அதிகப் பங்கு கைமாறுமோ அதுதான் ஓப்பன். சும்மா ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்: 135 என்றால் வாங்க 46 லட்சம், விற்க 33 லட்சம், ஆக 33 தான் முடியும். 137-க்கு வாங்க 34, விற்க 44. அங்கே 34 முடியும். 136-ல் வாங்க 41, விற்க 40, அதனால் 40 முடிகிறது. ஓப்பன் 136.

இப்போது ஏலம் முடிந்த அடுத்த நொடியைப் பாருங்கள். 136-ம் அதற்கு மேலும் தரத் தயாராக இருந்தவர்களில் 40 லட்சத்துக்கு வேலை முடிந்துவிட்டது. விலையைத் தூக்கி நிறுத்திய கூட்டமே அவர்கள்தான். மிச்சம் 136-ல் 1 லட்சம், 135-ல் 5 லட்சம். அதிலும் பலர் ஆர்டரைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். சில சந்தைகளில் ஏலத்துக்கென்று போட்ட ஆர்டர் தானாகவே ரத்தாகிவிடும். எதிர்ப்பக்கம் யார்? வெளியீட்டில் 2 கோடி பங்கு கொடுத்திருந்தால், ஏலத்தில் விற்காத அலாட்மென்ட்காரர்கள் கையில் இன்னும் 1.6 கோடி. அவர்களின் அடக்கவிலை 100. 136-ல் விற்றாலும் சந்தோஷம், 130-ல் விற்றாலும் சந்தோஷம். அப்படிப்பட்டவர்கள் விற்கிற நேரத்தில் 6 புள்ளி என்பது வெறும் இரைச்சல்.

நான் முதல் அரை மணி நேரம் தொடவே இல்லை. அதற்குள் ஹை 138.60, லோ 124. 139-ல் வாங்கி 123-ல் ஸ்டாப். இடைவெளி 16. ஒரு டிரேடில் 6000 போனால் பரவாயில்லை என்பது என் கணக்கு, அதனால் 375 பங்குதான். நீங்களும் 6000 என்று நினைத்துத்தான் 1000 பங்கு எடுத்திருப்பீர்கள், ஆனால் போனது 8800. ஸ்டாப் நெருக்கமாக இருந்தால் ரிஸ்க் குறைவு என்பது புத்தகத்தில் ஆர்டர் அடர்த்தியாக இருக்கும் பங்குக்குத்தான்.

ஜெயிச்சகுதிரை

இவ்வளவு குழப்பம் எதற்கு? புதுப் பங்குக்கு ஒரே சப்போர்ட் வெளியீட்டு விலைதான். அதற்குக் கீழே போனால் அண்டர்ரைட்டர்களே வாங்கித் தூக்குவார்கள். 2012 மே 18, ஃபேஸ்புக் நாஸ்டாக்கில் பட்டியலான நாளைப் பாருங்கள். வெளியீட்டு விலை 38 டாலர், ஓப்பன் 42.05, அடித்து இறக்கியும் 38-ஐ விடவில்லை. 38.23-ல் முடிந்தது. ஸ்டாப்பை வெளியீட்டு விலைக்குக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுப் போய்த் தூங்குங்கள்.

நிதானி

தூங்கி எழுந்தால் திங்கட்கிழமை, சகோ. அன்று அதே ஃபேஸ்புக் 34.03-ல் முடிந்தது, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வெள்ளிக்கிழமை 38-ல் நின்றதே வாங்கும் ஆர்டர் சுவர், அது சந்தையின் ஆர்வம் இல்லை. அந்தச் சுவருக்கு அளவு உண்டு. கிரீன்ஷூ இருக்கும் வெளியீட்டில் பொதுவாக 15 சதவீதம் வரை கூடுதலாகப் பங்கு ஒதுக்கி, விலை சரிந்தால் அதைச் சந்தையில் திரும்ப வாங்குவார்கள். வாங்கி முடித்தால் சுவர் இல்லை. எல்லா வெளியீட்டிலும் அந்த ஏற்பாடு இருக்காது, ப்ராஸ்பெக்டஸில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. வெளியீட்டு விலைக்கு மேல் போய் அவர்கள் தாங்க மாட்டார்கள். 138-ல் வாங்கியவருக்கு 100-க்குக் கீழே ஸ்டாப் என்றால் 27 சதவீதத்துக்கு மேல் நஷ்டம். ஓப்பனே 101, 102 என்று இருந்தால் உங்கள் பேச்சு செல்லும்.

மல்லிகைப்பந்தல்

என் கதையும் இதே மாதிரிதான். எனக்கு அலாட்மென்ட் கிடைத்தது, சின்ன வெளியீடு. தினசரி விலை வரம்பு 5 சதவீதம் உள்ள பங்கு. முதல் நாளே கீழ் வரம்பில் பூட்டிக்கொண்டது. ஸ்டாப் டிரிக்கர் ஆகிவிட்டதாகச் செய்தி வந்தது, ஆனால் விற்கவில்லை! வாங்கும் பக்கம் பூஜ்யம். எனக்கு முன்னால் லட்சக்கணக்கில் விற்பனை ஆர்டர் வரிசையில். மறுநாளும் அப்படியே. புரோக்கருக்குப் போன் செய்தால் "உங்கள் ஆர்டர் செயலில்தான் இருக்கிறது மேடம்" என்கிறார்கள். செயலில் இருந்து என்ன செய்ய? அலாட்மென்ட் கிடைத்தால் முதல் நாள் ஏலத்திலேயே விற்றுவிட வேண்டுமா, சொல்லுங்கள்.

நிதானி

அக்கா, அது வேறு சங்கடம். அங்கே ஸ்டாப் எந்த விலையில் என்பதே கேள்வி இல்லை, வரிசையில் யார் முன்னால் என்பதுதான். ஏலத்தில் லிமிட் போட்டு விற்பது ஒரு வழி. அங்கே மட்டும்தான் இரண்டு பக்கமும் மொத்தமாகக் கூடுகிறது. ஆனால் மேலே ஏறும் பங்கில் அதுவே பெரிய வருத்தமாகவும் முடியும்.

கணக்குப்பிள்ளை

பழைய பெஞ்ச் சார் சொன்ன அரை மணி ரேஞ்சை நான் முழுதாக நம்பவில்லை. வேறொரு பங்கில் அதே முறையில் வாங்கி, லோவுக்குக் கீழே ஸ்டாப் வைத்து, மாலை லாபத்தில் வைத்துக்கொண்டேன். மறுநாள் ஓப்பனே ஸ்டாப்புக்கு 7 சதவீதம் கீழே. முதல் நாள் லோவை நம்பி ஸ்டாப் வைத்தவர்கள் எல்லாரும் ஒரே நிமிடத்தில் வெளியே. வரலாறு இல்லாத பங்கில் எல்லாரும் பார்க்கும் கோடு அந்த ஒன்றுதான், அதனால் ஆர்டர் எல்லாம் அங்கேயே குவிகிறது.

அதற்குப் பிறகு நான் பார்ப்பது முதல் டிரேடிலிருந்து எடுக்கும் விடபிள்யூஏபி. சந்தையில் வாங்கியவர்களின் சராசரி அடக்கவிலை அது. ஆனால் ஏலத்தின் 40 லட்சம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் சார்ட் மென்பொருள் அதை முதல் கேண்டிலில் சேர்ப்பதில்லை, கோடு ஓரிரு புள்ளி தள்ளி விழுகிறது. அப்புறம் ஸ்டாப் லிமிட்டா, ஸ்டாப் மார்க்கெட்டா? லிமிட் போட்டால் மல்லிகைப்பந்தல் மேடம் மாதிரி விற்காமல் தொங்கலாம், மார்க்கெட் போட்டால் 129.20. நான் டிரிக்கருக்கு 3 சதவீதம் கீழே லிமிட் வைக்கிறேன். இரவு முழுப் பங்கையும் வைத்துக்கொள்வதில்லை, மூன்றில் ஒரு பங்குதான்.

பழைய பெஞ்ச்

இரவு விஷயம் சரி, நானும் அன்று மாலையே எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். அரை மணி ரேஞ்ச் அந்த ஒரு நாளைக்குத்தான். மறுநாளைக்கு அதையே ஏன் சுமந்துகொண்டு போனீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஓரமாநிக்கிறேன்

142 எப்படி 136 ஆனது என்று யாருமே சொல்லவில்லையே. ஏலம் மூடுவதற்கு முன் பெரிய ஆர்டரை ரத்து செய்ய முடியுமா?

பழைய பெஞ்ச்

சந்தையைப் பொறுத்தது. சில இடங்களில் கடைசிக் கட்டத்தில் ரத்து செய்ய விடமாட்டார்கள், சில இடங்களில் மூடும் நொடியையே முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ஆனால் யாரும் ரத்து செய்யாமலே இறங்கவும் வாய்ப்புண்டு. பெரிய விற்பனையாளர்கள் கடைசியில்தான் ஆர்டர் போடுவார்கள். உத்தேச விலையோடு, பொருந்தும் அளவு எவ்வளவு என்றும் திரையில் வரும். விலை இறங்கும்போது அந்த அளவு கூடினால் புது விற்பனை வந்தது. அளவும் சேர்ந்து குறைந்தால் வாங்குபவர் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று எது நடந்தது என்று நானும் கவனிக்கவில்லை.