4 எம்பி படம் ஏன் ஏறவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். போர்ட் லூயிஸில் எங்கள் கோயிலின் பழைய தைப்பூசக் காவடிப் படங்களை ஸ்கேன் செய்து இணையத் தொகுப்பு ஒன்றில் ஏற்றி வருகிறேன். அங்கே ஒரு கோப்பு 5 எம்பிக்கு மேல் போகக் கூடாது என்று மட்டும் எழுதியிருக்கிறது.

தாத்தா காவடி எடுக்கும் படம் 7200×4800 பிக்சல், ஜேபெக் கோப்பு 4 எம்பி. "படம் மிகப் பெரியது" என்று திருப்பிவிடுகிறது. பிக்சலைத் தொடாமல் தரத்தைக் குறைத்து 2 எம்பி ஆக்கினேன், அதே பதில். பிறகு 3600×2400 ஆகச் சுருக்கி, உயர்ந்த தரத்தில் சேமித்தேன். கோப்பு மறுபடி 4 எம்பிதான், ஆனால் உடனே ஏறிவிட்டது!

ஆகவே தடுப்பது எம்பி அல்ல, பிக்சல் என்று நினைக்கிறேன். ஜேபெக் என்பது அழுத்திக் கட்டிய மூட்டை; எம்பி அந்த மூட்டையின் எடைதான். படத்தைத் திறந்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் 3 பைட் வேண்டும். 7200×4800 என்றால் சுமார் 3.5 கோடி பிக்சல், நினைவகத்தில் 100 எம்பிக்கும் மேல். தரத்தைக் குறைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சிறுபடம் தயாரிக்கும்போது சர்வர் இதைத் தாங்காமல் மறுக்கிறதா?

என் ஊகம் சரியா? எழுதப்படாத அந்தப் பிக்சல் வரம்பைக் கண்டுபிடிக்க, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா? பாதியாகச் சுருக்கினால் பின்வரிசையில் நிற்கும் பாட்டிமாரின் முகங்கள் மங்கிவிடுகின்றன. அவற்றை இழக்க மனமில்லை.